கிலோவில் ஆரம்பித்தால் கணக்கு தானாகப் பேசும்

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் ஊர் போளூர் பக்கம். மணிலா, அதாவது நிலக்கடலை எண்ணெய்க்கு இரண்டு மரச்செக்கு போட்டு, பாட்டிலில் அடைத்து விற்க 10 லட்சம் கடன் கேட்டிருக்கிறேன். இயந்திரத்துக்கு டேர்ம் லோன் 5, பருப்பு வாங்கிப் புழங்க சிசி 5. ரிப்போர்ட்டைக் கம்ப்யூட்டர் சென்டரில் ஒருவர் போட்டுக் கொடுத்தார். மேனேஜர் புரட்டிப் பார்த்துவிட்டு, "விற்பனை, செலவு, தவணை மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை, சரிபார்த்துக் கொண்டு வாருங்கள்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ரிப்போர்ட் நகல் இணைத்துள்ளேன். லாபம் நன்றாகத்தானே காட்டியிருக்கிறது? எங்கே ஒட்டவில்லை என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: வணக்கம் தம்பி. ரிப்போர்ட்டை முழுவதும் படித்தேன். மேனேஜர் சொன்னது சரி. லாபம் "நன்றாக" இருப்பதுதான் அவர் கண்ணில் முதலில் பட்டிருக்கும். ஆனால் நீங்கள் தொடங்க நினைக்கும் தொழிலில் குறை இல்லை. கணக்கைச் சரியாகப் போட்டால் லாபம் ரொம்பவே குறையும், அப்படியும் கடனைக் கட்ட முடிகிறது. அதைக் கடைசியில் காட்டுகிறேன்.

இப்போதைக்கு ரூபாயை மறந்துவிடுங்கள். கடன் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் உற்பத்தித் தொழில் ரிப்போர்ட் எது வந்தாலும் முதலில் எடையைத்தான் கூட்டிப் பார்ப்பேன். ரூபாய்க் கணக்கில் தப்பை ஒளிக்கலாம், கிலோ கணக்கில் முடியாது.

உங்கள் ரிப்போர்ட்டின் மூன்றாம் பக்கப்படி ஒரு செக்கில் ஒரு தடவைக்கு 15 கிலோ பருப்பு, ஒரு நாளைக்கு 7 தடவை. இரண்டு செக்குக்கு 210 கிலோ, 300 நாளுக்கு 63,000 கிலோ. இது முழுத் திறன். முதல் வருடம் 60 சதவீதம் என்று போட்டிருக்கிறது, அதாவது 37,800 கிலோ. கொள்முதல் பக்கத்திலும் அதே 37,800 கிலோவை 115 ரூபாய் வீதம் பெருக்கி 43.47 லட்சம் என்று வைத்திருக்கிறார்கள். இதுவரை பழுது இல்லை.

விற்பனைப் பக்கத்துக்கு வாருங்கள். எண்ணெய் 20,000 லிட்டர், புண்ணாக்கு 21,546 கிலோ என்று இருக்கிறது. எண்ணெய் லிட்டரில் இருப்பதால் தப்பு கண்ணுக்குப் படவில்லை. ஒரு லிட்டர் மணிலா எண்ணெய் கிட்டத்தட்ட 910 கிராம். 20,000 லிட்டர் என்றால் 18,200 கிலோ. அதோடு புண்ணாக்கைக் கூட்டுங்கள், 39,746 கிலோ வருகிறது. உள்ளே போட்டது 37,800 கிலோ, வெளியே வருவது அதைவிட இரண்டு டன் அதிகம். எந்தச் செக்கும் இப்படிக் கொடுக்காது.

இந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்பதும் தெரிகிறது. நிலக்கடலைப் பருப்பில் 48 சதவீதம் எண்ணெய் இருக்கிறது என்று எங்கேயோ படித்து, 37,800 கிலோவில் 48 சதவீதம் எடுத்து லிட்டராக்கியிருக்கிறார். ஏறக்குறைய 20,000 வந்துவிட்டது. பருப்பில் எண்ணெய் அவ்வளவு இருப்பது உண்மைதான். ஆனால் செக்கில் அத்தனையும் பிழிபடாது, நல்ல பருப்பாக இருந்தால் 40 சதவீதம் என்று வைப்பதுதான் பாதுகாப்பு. மிச்சம் புண்ணாக்கோடு போகிறது, மாடு வைத்திருப்பவர்கள் செக்குப் புண்ணாக்கைத் தேடி வாங்குவதும் அதனால்தான். புண்ணாக்குக்கு மட்டும் அவர் 57 சதவீதம் என்று ஆலை அனுபவத்தில் சொல்கிற கணக்கை எடுத்திருக்கிறார். 48-ம் 57-ம் சேர்ந்தால் 105. கசடு, ஈரம், சிந்தல் என்று மூன்று சதவீதமாவது போகும். 40, 57, 3 என்று வைத்தால்தான் நூறு வரும்.

அப்படித் திருத்தினால் எண்ணெய் 15,120 கிலோ, அதாவது 16,615 லிட்டர். லிட்டர் 270 ரூபாய்க்கு 44.86 லட்சம். புண்ணாக்கு கிலோ 40 ரூபாய்க்கு 8.62 லட்சம். மொத்த விற்பனை 53.48 லட்சம், ரிப்போர்ட்டில் இருப்பதோ 62.62 லட்சம். இந்த 9.14 லட்சம் வித்தியாசத்தை விற்பனைக் குறைவாக மட்டும் பார்க்காதீர்கள். கொள்முதல் செலவு மாறவே இல்லை, அதனால் இந்தத் தொகை முழுவதும் லாபத்தில் இருந்துதான் கழிகிறது. உங்கள் ரிப்போர்ட்டில் வட்டிக்கும் தேய்மானத்துக்கும் முந்தின லாபம் 12 லட்சத்துக்கு மேல் இருக்கிறது. அதில் முக்கால்வாசி இல்லாத எண்ணெயை விற்ற பணம்.

40 என்பது உங்கள் பருப்புக்குப் பொருந்துமா என்று பக்கத்து ஊர்ச் செக்கில் கூலிக்கு 15 கிலோ ஆட்டிப் பார்த்துவிடுங்கள். முன்னும் பின்னும் எடை போட்டு, எண்ணெய் தெளிந்த பிறகு அளந்து எழுதி வையுங்கள். காயாத பருப்பாக இருந்தால் 40 வராது. வந்த எண் எதுவோ அதையே ரிப்போர்ட்டில் போடுங்கள். நானே ஆட்டிப் பார்த்து எழுதினேன் என்று நீங்கள் சொன்னால் மேனேஜர் அதற்கு மேல் அந்த எண்ணைக் கேள்வி கேட்க மாட்டார்.

விலையில் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 270 ரூபாய் வரி சேர்த்த விலையா, சேர்க்காததா? பொருள் விற்கிறவர்களுக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு 40 லட்சம். உங்கள் விற்பனை 53 லட்சம், ஆனால் ரிப்போர்ட்டில் ஜிஎஸ்டி என்ற சொல்லே இல்லை. சமையல் எண்ணெய்க்கு 5 சதவீதம். பாட்டிலில் ஒட்டும் விலையே 270 என்றால் உங்கள் கைக்கு வருவது 257 ரூபாய்தான், வருடத்துக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் குறையும். வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் வரி இல்லாமல் எழுதி, அப்படி எழுதியிருப்பதாக அடியில் ஒரு வரி போட்டுவிடுங்கள். இனி நான் 270-ஐ வரி சேர்க்காத விலையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்தது வருடங்களைக் குறுக்கே படிப்பது. நாம் பொதுவாக ஒரு வருடத்தை மேலிருந்து கீழாகப் படிக்கிறோம், அப்போது எல்லாம் சரியாகவே தெரியும். ஒரு வரியை எடுத்து முதல் வருடம், இரண்டாம் வருடம், மூன்றாம் வருடம் என்று இடமிருந்து வலமாகப் படியுங்கள். உங்கள் ரிப்போர்ட்டில் விற்பனை 62.62, 73.06, 83.49 லட்சம் என்று ஏறுகிறது. திறன் 60, 70, 80 என்று ஏறுவதால் அது பொருந்துகிறது. கொள்முதல் வரியில் 43.47, 45.64, 47.93 என்று இருக்கிறது. இது வருடத்துக்கு வெறும் 5 சதவீத ஏற்றம். செக்கு ஆறில் ஒரு பங்கு கூடுதலாக ஓடும்போது பருப்பும் ஆறில் ஒரு பங்கு கூடத்தானே வேண்டும்?

இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி கொள்முதலை விற்பனையால் வகுத்துப் பார்ப்பது. உங்கள் ரிப்போர்ட்டில் 69.4, 62.5, 57.4 சதவீதம் என்று இறங்கிக்கொண்டே போகிறது. விலை மாறவில்லை, செக்கும் மாறவில்லை என்றால் இந்தச் சதவீதம் எல்லா வருடமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். திருத்திய கணக்கில் 81.3 சதவீதம், மூன்று வருடமும் அதேதான். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் செக்கு எண்ணெய்த் தொழிலின் உண்மை அதுதான். நூறு ரூபாய் விற்றால் எண்பத்தொரு ரூபாய் பருப்புக்காரருக்குப் போய்விடும்.

எல்லாச் செலவும் திறனோடு ஏறாது என்பதையும் கவனியுங்கள். பாட்டில், மூடி, லேபிள், அட்டைப்பெட்டி எல்லாம் லிட்டர் கணக்கில் ஏறும். மின்சாரம் ஓடும் மணிக்கு ஏற்ப ஏறும். வாடகையும் இரண்டு பேர் சம்பளமும் செக்கு கூடுதலாக ஓடுவதற்காக ஏறாது, வருடாந்திர உயர்வு மட்டும்தான். உங்கள் ரிப்போர்ட்டில் அத்தனை செலவுக்கும் ஒரே 5 சதவீதம் போட்டு இழுத்துவிட்டிருக்கிறார்கள். எக்செல் ஃபைலைக் கேட்டு வாங்கி, `Ctrl` விசையோடு `` ` `` விசையைச் சேர்த்து அழுத்துங்கள். எந்தக் கட்டத்தில் ஃபார்முலா இருக்கிறது, எதில் எண்ணைக் கையால் தட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். கையால் தட்டிய கட்டம் ஒவ்வொன்றும் சந்தேகத்துக்கு உரியது.

இனி கடன். டேர்ம் லோன் நான்கு இடங்களில் வரும். திட்டச் செலவுப் பக்கத்தில் மொத்தத் தொகையாக, தவணை அட்டவணையில் அசலும் வட்டியுமாக, லாப நட்டக் கணக்கில் வட்டி மட்டுமாக, இருப்புநிலைக் குறிப்பில் வருடக் கடைசி பாக்கியாக. நான்கும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். உங்கள் ரிப்போர்ட்டில் ஒவ்வொன்றும் வேறு வேறு கதை சொல்கிறது.

தவணை அட்டவணையில் ஐந்து வருடம், முதல் ஆறு மாதம் அசல் விடுமுறை, அப்புறம் 54 மாதம் 9,259 ரூபாய் வீதம் அசல், வட்டி 11 சதவீதம். அந்த அட்டவணை சரியாகவே இருக்கிறது. அதன்படி முதல் வருடம் கட்டும் அசல் 55,556 ரூபாய், வருடக் கடைசியில் பாக்கி 4,44,444. ஆனால் இருப்புநிலைக் குறிப்பில் பாக்கி 4,00,000 என்று இருக்கிறது. விடுமுறையை மறந்து, ஐந்து லட்சத்தை ஐந்தாகப் பிரித்து வருடம் ஒரு லட்சம் கழித்திருக்கிறார்கள்.

லாப நட்டக் கணக்கில் ஐந்து வருடமும் வட்டி 55,000. இது ஐந்து லட்சத்துக்கு 11 சதவீதம். இங்கே இரண்டு தப்பு. அசல் குறையக் குறைய வட்டியும் குறைய வேண்டும், அட்டவணைப்படி முதல் வருடம் சுமார் 53,700, இரண்டாம் வருடம் 43,300. இது சின்னத் தப்பு. பெரிய தப்பு, சிசி கடனுக்கு வட்டியே போடவில்லை. அந்த ஐந்து லட்சத்தை முழுதாக எடுத்துப் புழங்கினால் அதற்கும் வருடம் 55,000 வட்டி உண்டு, அது வருடா வருடம் குறையவும் குறையாது.

அசல் தொகை லாப நட்டக் கணக்கில் செலவாக வராது, அது பணப்புழக்கக் கணக்கில்தான் வரும். சிலர் மாதத் தவணையை அப்படியே செலவில் எழுதிவிடுவார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் அந்தப் பிழை இல்லை.

திட்டச் செலவுப் பக்கத்தில் இயந்திரம் 6.5 லட்சம், நடைமுறை மூலதனம் 5 லட்சம், ஆக 11.5 லட்சம். வங்கி 10, நீங்கள் 1.5 என்று பிரித்திருக்கிறார்கள். உங்கள் ஒன்றரை லட்சம் முழுவதும் இயந்திரத்துக்கே போய்விடுகிறது, நடைமுறை மூலதனம் மொத்தமும் வங்கிப் பணம். இதை வங்கி ஏற்காது, அதிலும் உங்கள் பங்கு இருக்க வேண்டும். உண்மைத் தேவையைப் பாருங்கள். ஒரு மாதப் பருப்பு இருப்பு 3.6 லட்சம், பத்து நாள் எண்ணெய் இருப்பு ஒன்றே கால் லட்சத்துக்கு மேல், கடைக்காரர்களுக்குப் பதினைந்து நாள் கடன் கொடுத்தால் அதில் நிற்பது இரண்டு லட்சத்துக்கு மேல். ஏழு லட்சம் தாண்டுகிறது. ஐந்து லட்சம் சிசி போக மீதி இரண்டு லட்சம் உங்கள் கையிலிருந்து என்று எழுதி, அந்தப் பணம் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள்.

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிப் பார்க்கலாம். முதல் வருட விற்பனை 53.48 லட்சத்தில் பருப்பு 43.47 போக 10.01 லட்சம். பேக்கிங் 1.66, சம்பளம் 3.36, மின்சாரம் 0.60, வாடகை 0.96, மற்றவை 0.50, ஆக 7.08 லட்சம். மிஞ்சுவது 2.93 லட்சம். சிசி வட்டி 55,000 போனால் டேர்ம் லோன் கட்டுவதற்கு இருப்பது 2.38 லட்சம். முதல் வருடம் கட்ட வேண்டியது அசலும் வட்டியுமாக 1.09 லட்சம்.

இந்த இரண்டு எண்ணின் விகிதத்தைத்தான் வங்கியில் டிஎஸ்சிஆர் என்கிறார்கள். ரிப்போர்ட்டில் சரிபார்க்க இப்படிப் போட்டுப் பாருங்கள்:

```
(நிகர லாபம் + தேய்மானம் + டேர்ம் லோன் வட்டி)
÷ (டேர்ம் லோன் வட்டி + அசல் தவணை)
```

2.38-ஐ 1.09-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.18. முதல் வருடத்தில் ஆறு மாதம் விடுமுறை இருப்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது, இரண்டாம் வருடம்தான் முழுத் தவணை. 70 சதவீதத்தில் அதே முறையில் போட்டுப் பார்த்தேன், சம்பளத்துக்கும் வாடகைக்கும் 5 சதவீத உயர்வும் சேர்த்து. கையில் 3.37 லட்சம், கட்ட வேண்டியது 1.54 லட்சம், மறுபடியும் 2.18. ஒன்றரைக்கு மேல் இருந்தால் வங்கிக்குத் திருப்தி, 1.25-க்குக் கீழே போனால் தயங்குவார்கள். உண்மைக் கணக்கே தாராளமாகத் தேறுகிறது. உங்கள் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் 3.1 என்று இருக்கிறது. அதிலுள்ள எண்களையே வைத்து வகுத்தால் 11 வருகிறது. அதாவது 3.1 என்பது வேறு யாருடைய ரிப்போர்ட்டிலிருந்தோ வந்த எண். மேனேஜர் கால்குலேட்டரில் ஒரு தடவை வகுத்துப் பார்த்திருந்தாலே போதும், மீதிப் பக்கங்கள் மேல் நம்பிக்கை போயிருக்கும்.

2.18-ஐப் பார்த்து நிம்மதி அடைவதற்கு முன் ஒன்று. இந்தக் கணக்கில் நீங்கள் சாப்பிடவில்லை. செக்கில் இரண்டு பேருக்குச் சம்பளம் இருக்கிறது, உங்களுக்கு இல்லை. வீட்டுச் செலவுக்கு மாதம் 15,000 எடுத்தால் வருடம் 1.80 லட்சம். முதல் வருடம் கடன் கட்டியது போக மிஞ்சுவது 1.29 லட்சம், ஆகவே 51,000 ரூபாய் துண்டு விழுகிறது. அந்தப் பணம் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் சிசி கணக்கிலிருந்துதான் எடுப்பார்கள். பருப்பு வாங்க வைத்த பணம் வீட்டுக்குப் போனால் அடுத்த மாதம் செக்கு பாதி நாள் நிற்கும், 60 சதவீதம் 45 ஆகும். கடன் வாராக்கடனாவது பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

அதனால் சொந்தச் செலவு என்று தனி வரி போடுங்கள், வீட்டில் வேறு வருமானம் இருந்தால் அதையும் காட்டுங்கள். இல்லையென்றால் அசல் விடுமுறையை ஆறு மாதத்துக்குப் பதில் ஒரு வருடமாகவும், மொத்தக் காலத்தை ஆறு வருடமாகவும் கேளுங்கள். அப்போது முதல் வருடம் வட்டி 55,000 மட்டும், கையில் 1.83 லட்சம் நிற்கும். இரண்டாம் வருடம் கட்ட வேண்டியது 1.50 லட்சம், மிஞ்சுவது 1.87 லட்சம். இரண்டு வருடமும் வீட்டுச் செலவு இழுத்துப் பிடித்து அடங்குகிறது. மொத்த வட்டி கொஞ்சம் கூடும், ஆனால் சிசியில் கை வைக்க வேண்டியிருக்காது. காரணத்தோடு கேட்டால் வங்கியில் இதைப் பரிசீலிப்பார்கள். சும்மா "டைம் கொடுங்கள் சார்" என்றால் மாட்டார்கள்.

கடைசியாகப் பருப்பு விலை. உங்கள் ரிப்போர்ட்டில் அது ஐந்து வருடமும் 115 ரூபாய். அறுவடை நேரத்து விலையும் ஆறு மாதம் கழித்து இருக்கும் விலையும் ஒன்றில்லை என்பது உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு இரண்டேகால் கிலோவுக்குச் சற்று மேலே பருப்பு வேண்டும். கிலோவுக்கு 5 ரூபாய் ஏறினால் லிட்டருக்கு 11 ரூபாய் 40 காசு அடக்கம் ஏறும். நீங்கள் பாட்டில் விலையை ஏற்றாமல் விட்டால் முதல் வருடத்திலேயே 1.89 லட்சம் போய்விடும், தவணைக்கு இருக்கும் 2.38 லட்சம் அரை லட்சமாகிவிடும். மேலே சொன்ன 2.18 எவ்வளவு மெல்லிய கயிறு என்று இதிலிருந்து தெரியும்.

ஆகவே ரிப்போர்ட்டின் கடைசியில் அரைப் பக்கம் சேருங்கள். பருப்பு 5 ரூபாய் ஏறினால் பாட்டிலுக்கு 12 ரூபாய் ஏற்றுவோம் என்று ஒரு வரி. ஏற்ற முடியாத இரண்டு மாதத்துக்கு எவ்வளவு குறையும் என்று ஒரு வரி, மாதம் 3,150 கிலோ என்ற கணக்கில் அது சுமார் 31,500 ரூபாய். அறுவடையில் கூடுதலாக வாங்கி வைக்க சிசியில் இடம் இருக்கிறதா என்று ஒரு வரி. சுற்று வட்டாரக் கடைகளில் செக்கு எண்ணெய் இப்போது என்ன விலைக்குப் போகிறது என்று நாலு கடையில் விசாரித்து அதையும் எழுதுங்கள். கடைக்காரருக்கு நீங்கள் கொடுக்கும் கழிவு போக 270 நிற்கிறதா என்று பாருங்கள், நிற்காவிட்டால் மேலே உள்ள அத்தனை கணக்கையும் அந்த விலைக்கு மாற்றிப் போட வேண்டும்.

திருத்திய ரிப்போர்ட்டைக் கொண்டு போகும்போது பழையதையும் எடுத்துப் போங்கள். 20,000 லிட்டர் எப்படி 16,615 ஆனது என்று மேனேஜர் கேட்பார். நீங்கள் ஆட்டிப் பார்த்து எழுதிய தாளைக் காட்டி, பதிலை நீங்களே சொல்லுங்கள். ரிப்போர்ட் போட்டுக் கொடுத்தவரை அழைத்துப் போக வேண்டாம்.